வெள்ளிக்கிழமை இருட்டும் வாற்கோதுமைக் கதிரும்

கராயிட்டுகள் என்ற யூதப் பிரிவினரைப் பற்றிப் பேச்சு வந்தாலே அந்தச் சிறைக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். எட்டாம் நூற்றாண்டு, கலீபா அல்-மன்சூர் காலம். யூதர்களின் தலைவர் பதவி அனான் பென் தாவீதுக்கு வராமல் தம்பிக்குப் போனது. அந்த ஆத்திரத்தில் சிறைக்கும் போய், அங்கே அவர் தனி மதம் கண்டார் என்று கதை. இதைச் சொல்லிவைத்தது எதிர்த்தரப்பு, அதாவது ரப்பிகள் எனப்படும் யூத மதகுருமார் பக்கம். வயிற்றெரிச்சல் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

கேள்வி இதுதான்: மோசேக்கு எழுத்தில் தோரா என்ற வேதச் சட்டம் வந்தது, சரி. கூடவே வாய்மொழியாகவும் ஒரு சட்டம் வந்தது, அது தல்மூது என்ற தொகுப்பில் இருக்கிறது என்று ரப்பிகள் சொல்வதை ஏன் ஏற்க வேண்டும்?

இது ஏட்டுச் சண்டை அல்ல. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டாதே என்கிறது தோரா. ரப்பிகள், பொழுது சாய்வதற்கு முன் விளக்கை ஏற்றிவிடு, அது பாட்டுக்கு எரியட்டும் என்றார்கள். கராயிட்டுகளோ எரிகிற விளக்கும் கூடாது என்று வெள்ளி இரவு முழுக்க இருட்டில் உட்கார்ந்தார்கள். தெருவில் நடந்தாலே எது யார் வீடு என்று தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய தகராறு நாள்காட்டி. பன்னிரண்டு சந்திர மாதம் சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் அவ்வப்போது ஒரு மாதம் கூட்ட வேண்டும். ரப்பிகளிடம் கணக்கு இருந்தது: 19 ஆண்டில் 7 முறை. கராயிட்டுகள் கண்ணால் பிறை பார்த்து மாதம் தொடங்கினார்கள். இஸ்ரேல் மண்ணில் வாற்கோதுமைக் கதிர் முற்றியதா என்று வயலில் பார்த்துத்தான் பாஸ்கா பண்டிகை வரும் மாதத்தை முடிவு செய்தார்கள். தூர ஊர்க்காரனுக்குச் சேதி வந்து சேர்வதற்குள் பண்டிகையே போய்விடலாம். அது அவர்கள் பக்கத்துப் பலவீனம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ரப்பிகள் தரப்பின் பெரிய வாதி சாதியா சொன்ன பதில் எனக்கு ஒப்பவில்லை. கணக்குதான் ஆதியிலிருந்தே இருந்தது, பிறை பார்ப்பது பிற்பாடு வந்தது என்றார். ரப்பிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே பிறை கண்ட சாட்சிகளை விசாரிக்கும் முறை விரிவாக இருக்கிறதே! அப்புறம், அந்தக் கணக்கு ரப்பிகளையாவது சேர்த்து வைத்ததா? பாலஸ்தீனத்தின் பென் மெயிர் ஒரு கணக்கு சொல்ல, பாபிலோனியர் பக்கம் சாதியா நிற்க, 922-இல் பாஸ்காவை இரு பிரிவும் வேறு வேறு நாளில் கொண்டாடின. கராயிட்டுகள் சிரித்திருப்பார்கள்.

எழுதியவர்கள் இப்படி மோதிக்கொண்டிருக்க, கெய்ரோ யூதத் தொழுகைக்கூடத்தின் பழைய ஏட்டுக் கிடங்கான கெனிசாவில் கிடைத்த பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் திருமண ஒப்பந்தங்கள் வேறு கதை சொல்கின்றன. மாப்பிள்ளை ரப்பிகள் பக்கம், பெண் கராயிட்டு. ஓய்வுநாள் விளக்கருகே உட்காரச் சொல்லி அவளை வற்புறுத்தக் கூடாது, அவளுடைய பண்டிகை நாளை அவன் கெடுக்கக் கூடாது, அவனுடைய பண்டிகைகளை அவளும் மதிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.