பருப்புக்கு ஏழு எழுத்து

(ரேஷன் கடைச் சுவர். பசை காயவில்லை. ஒட்டிய கையோடு திரும்பிய செல்வத்தை அப்பத்தா மடக்கிவிட்டார். செல்வம் ஊராட்சியில் மோட்டார் ஆப்பரேட்டர். இதுவரை ஊருக்கு மைக் பிடித்ததும் அவர்தான்.)

அப்பத்தா: நின்னு வாசிச்சுட்டுப் போடா. ஒட்டத் தெரிஞ்சவனுக்கு வாசிக்கத் தெரியாதா?

செல்வம்: "நியாயவிலைக் கடைக்கு வரப்பெறும் பொருட்களின் இருப்பு விவரம் இனி ஒலிபெருக்கி வாயிலாக அறிவிக்கப்பட மாட்டாது. குடும்ப அட்டையில் பதிவு செய்துள்ள கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பப்படும். இங்ஙனம், தலைவர்."

அப்பத்தா: ரேஷனை நிறுத்திட்டாகளா?

செல்வம்: ரேஷனை இல்ல, மைக்கை. பருப்பு, பாமாயில் வந்தா இனிமே செல்லுல மெசேஜ் வரும்.

அப்பத்தா: யார் செல்லுல?

செல்வம்: உங்க கார்டுல எந்த நம்பர் ஏத்தியிருக்கோ அந்தச் செல்லுல.

அப்பத்தா: அது மாரிமுத்து நம்பருல்ல! ஸ்மார்ட் கார்டுக்கு எழுதுனப்ப என்கிட்ட ஏதுடா செல்லு? அவன் நம்பரைத்தான் குடுத்தோம். அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்.

செல்வம்: அப்ப மெசேஜ் அவருக்குப் போகும்.

அப்பத்தா: திருப்பூர்ல பருப்பு வந்துருச்சுன்னு இங்க எனக்கு எப்படிடா தெரியும்?

செல்வம்: திருப்பூர்ல வரல அப்பத்தா. பருப்பு இங்கதான் வரும். மெசேஜ்தான் திருப்பூர் போகும்.

அப்பத்தா: கடை என் வீட்டுல இருந்து எத்தனை அடி?

செல்வம்: ஒரு நூறு அடி இருக்கும்.

அப்பத்தா: நூறு அடில இருக்குற பருப்பு திருப்பூர் போயி, அவன் நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கி எந்திரிச்சு, எனக்குப் போன் போட்டு, நான் பையத் தூக்கிட்டு வரணும். அதுவரைக்கும் பருப்பு எனக்காகக் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்குமா?

செல்வம்: நம்பரை மாத்திக்கலாம். இ-சேவை மையத்துல சொல்லுங்க, இல்ல தாலுகா ஆபீஸ்ல வட்ட வழங்கல் பிரிவுல எழுதிக் குடுங்க. உங்க பேரன் குடுத்த பட்டன் செல் இருக்குல்ல?

அப்பத்தா: இருக்கு. போன வாரம் அதுல ஒண்ணு வந்துச்சு. திறந்தா கட்டம் கட்டமா இருக்கு. ஏதோ ஜன்னலு கணக்கா.

செல்வம்: அது தமிழ் மெசேஜ். உங்க செல்லுல தமிழ் எழுத்து இல்ல, அதான் கட்டம் காட்டுது. அதோட தமிழ்ல அனுப்புறதுல இன்னொரு தொல்லை. இங்கிலீஷ்னா ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. தமிழ்னா 70தான். அதுக்கு மேல போனா ரெண்டு மெசேஜா வெட்டிக் கணக்குப் போட்டு, ரெண்டுக்கும் காசு எடுத்துடுவான்.

அப்பத்தா: 70 எழுத்து பத்தாதா? பருப்பு வந்துருச்சுன்னு சொல்ல எத்தனை எழுத்து வேணும்?

செல்வம்: பருப்புக்கே ஏழு போயிரும்.

அப்பத்தா: (விரல் விட்டு) ப, ரு, ப், பு. நாலுதானடா?

செல்வம்: செல்லு கணக்கு வேற. 'ரு'ல 'ர' ஒண்ணு, அந்தச் சுழி ஒண்ணு. 'ப்'புல புள்ளிக்குத் தனியா ஒண்ணு. 'பு'வுக்கும் ரெண்டு. மொத்தம் ஏழு.

அப்பத்தா: பாமாயிலு?

செல்வம்: 'பாமாயில்'னு எழுதுனா எட்டு. காலுக்கும் கொக்கிக்கும் தனித்தனியா எண்ணணும்.

அப்பத்தா: ஏண்டா, இந்தா உள்ள எடை போடுறவன் ஒரு கிலோவ முக்காக் கிலோ ஆக்குறான். அந்தச் செல்லுக்காரன் நாலு எழுத்த ஏழாக்குறான். ரெண்டு பேரையும் மாத்தி உக்கார வச்சா எனக்கு ஒண்ணே முக்காக் கிலோ பருப்பு கிடைக்கும்ல?

செல்வம்: (கடைக்குள் எட்டிப் பார்த்து) மெதுவாப் பேசுங்க அப்பத்தா.

அப்பத்தா: மெதுவாப் பேசத்தான் மைக்கைப் பிடுங்கிட்டீகளே.

செல்வம்: அதனாலதான் இங்கிலீஷ் எழுத்துல அனுப்பலாம்னு கிளார்க் சொல்றாரு. இந்தா, பாருங்க.

(செல்லை நீட்டுகிறார்: THUVARAM PARUPPU VANDHULLATHU)

அப்பத்தா: இதுக்கு ஜன்னலே தேவலை.

செல்வம்: காலம் மாறுது. முன்னாடி தண்டோரா போட்டாங்க. 2022ல அதை நிறுத்தச் சொல்லி அரசாங்கமே சொல்லிருச்சு. அப்புறம் மைக்கு, இப்ப மெசேஜ்.

அப்பத்தா: தண்டோராவ நிறுத்துனது நல்லதுதான். ஒரு மனுசன் தெருத்தெருவா அடிச்சுக்கிட்டுப் போறதை எவ்வளவு நாளைக்குப் பாக்குறது? மைக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?

செல்வம்: பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவுன்னு மேலத்தெருவுல மனு குடுத்தாங்க. அவங்களுக்கு எல்லாம் பெரிய செல்லு. அதுவும் போக, நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள 200 பேர் வரிசைல நிக்குறாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா கூட்டம்னு கடைக்காரர் சொல்றாரு.

அப்பத்தா: கூட்டம் வந்தாத்தான் கடைக்காரனுக்குக் கண்ணு தெரியும். தனித்தனியாப் போனா 30 ரூவாப் பருப்பு நேத்தே தீந்துருச்சும்பான். நீ மைக்குல சொன்ன நேரம் ஊருக்கே தெரியும். ஒரு மணி நேரத்துல தீந்துச்சுன்னா ஏன்னு கேக்கலாம். மெசேஜ் எப்ப வந்துச்சு, யாருக்கு வந்துச்சுன்னு எவனைப் போயிக் கேக்க? திருப்பூருக்கு பஸ் ஏறவா?

செல்வம்: பில்லு போட்டா மட்டும் மெசேஜ் கரெக்டா வருதுல்ல?

(இதைக் கேட்டிருக்கக் கூடாது. அப்பத்தா பையைக் கீழே வைத்துவிட்டார்.)

அப்பத்தா: வருது. போன மாசம் அரிசியும் சீனியும் வாங்குனேன். பெருவிரலை வைன்னான், வச்சேன். சாயந்திரம் மாரிமுத்து போன் போடுறான், 'என்னம்மா, பாமாயிலு வாங்கிட்ட போல, பலகாரம் ஏதும் சுட்டியா'ன்னு. நான் பாமாயில் பாக்கெட்டைக் கண்ணாலயே பாக்கலடா.

செல்வம்: அதுக்குத்தான் வழி இருக்கு. வாங்காத பொருளுக்கு பில் விழுந்தா PDS 107னு அனுப்பணும். இல்ல 1967க்குப் போன் போட்டுச் சொல்லலாம், காசு கிடையாது.

அப்பத்தா: அந்த 107ஐ யாரு அனுப்பணும்?

செல்வம்: கார்டுல இருக்குற நம்பர்ல இருந்து...

அப்பத்தா: சொல்லு.

செல்வம்: ...திருப்பூர்ல இருந்து.

அப்பத்தா: அப்ப ஒண்ணு பண்ணு. பருப்பு வந்ததை மெசேஜ்ல போடுங்க, பரவாயில்ல. இன்னைக்கு யார் யார் கார்டுல என்னென்ன பில்லு விழுந்துச்சுன்னு தினம் சாயந்திரம் மைக்குல வாசி. தலைவர்ட்டச் சொல்லு, இத நோட்டீஸா அடிக்கச் சொல்லு. பசைக்கு நான் காசு தாரேன்.

செல்வம்: (செல்லில் மணி பார்த்து) நான் வாரேன் அப்பத்தா, மோட்டார் போடணும். இன்னைக்குக் கீழத்தெருவுக்குத் தண்ணி முறை.

அப்பத்தா: தண்ணி வருதுன்னு எதுல சொல்லுவ? அதுக்கும் திருப்பூருக்கு மெசேஜா?

செல்வம்: அது... மைக்குலதான். தண்ணிய யாரும் நோட்டீஸ்ல போடலையே.

அப்பத்தா: அப்ப மைக்கு உசுரோடதான் இருக்கு. தண்ணி வருதுங்கிறப்பப் பருப்பும் வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லு. ஏழு எழுத்துதான?