உறவு எண் 8 வந்தால் சம்பந்தத்தை விட்டுவிட வேண்டுமா?

ஜாதகப் பொருத்தம் பார்த்த கையோடு, பெண் பையன் இருவர் விதி எண்ணையும் கூட்டிப் பார்த்துவிட்டு "உறவு எண் 8 வருதே, சரிப்பட்டு வருமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. எண் கணிதத்துக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது, அது தனி விஷயம். அந்த முறையின் சொந்த விதிப்படி பார்த்தாலே உறவு எண் பொருத்தம் சொல்லும் எண் அல்ல.

முதலில் கணக்கு. தேதி, மாதம், வருடம் மூன்றையும் தனித்தனியே ஒற்றை இலக்கமாக்கிக் கூட்டினால் விதி எண். 12-7-1990 என்றால் 12 என்பது 3, மாதம் 7, 1990 என்பது 19, பிறகு 10, பிறகு 1. கூட்டினால் 11. இதை 2 ஆக்காமல் அப்படியே வைப்பார்கள். 11, 22, 33 மூன்றும் மேலை முறையில் 'மாஸ்டர்' எண்கள். இன்னொருவர் 14-5-1988: 5, 5, 8, கூட்டினால் 18, அதாவது 9. பிறந்த தேதியை மட்டும் கூட்டினால் வருவது பிறவி எண். ஒருவருக்குப் பிறவி எண், மற்றவருக்கு விதி எண் என்று எடுத்துக் கூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

இப்போது இந்த ஜோடியைக் கூட்டுங்கள். 11ஐ அப்படியே வைத்தால் 11 + 9 = 20, அதாவது 2. 11ஐ முதலிலேயே 2 ஆக்கிவிட்டால் 2 + 9 = 11. அதே இருவர்தான். ஒரு கணிப்பாளர் "விட்டுக்கொடுத்துப் போகும் அமைதியான 2" என்பார், இன்னொருவர் "உள்ளுணர்வும் படபடப்பும் கலந்த 11" என்பார். பொய் யாரும் சொல்லவில்லை, எந்த இடத்தில் சுருக்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் விவரமான கணிப்பாளர்கள் வெறும் 2 என்று எழுதாமல் 20/2, 11/2 என்று வந்த வழியையும் சேர்த்து எழுதுகிறார்கள். உங்களுக்குக் கொடுத்த தாளில் அது இல்லையென்றால் கேளுங்கள்.

சரி, 8க்கு வருவோம். 1 முதல் 9 வரை எடுத்தால் 8 தருகிற ஜோடிகள் ஐந்து: 1-7, 2-6, 3-5, 4-4, 8-9. (எந்த உறவு எண்ணுக்கும் சரியாக ஐந்துதான் வரும், போட்டுப் பாருங்கள்.) 3-5 என்றால் கலகலப்பும் ஊர் சுற்றலும், வரவு வருவதற்குள் செலவு முந்திக்கொள்ளும் என்று படிப்பார்கள். 4-4 என்றால் இருவருமே கணக்கு நோட்டு வைப்பவர்கள், சேமிப்பு இருக்கும், ஆனால் யாரும் வளைந்து கொடுக்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே 8. இந்த எண் சொல்வது இருவரும் சேர்ந்த பிறகு வீட்டில் எந்த விஷயம் முன்னுக்கு வரும் என்பதை மட்டும். 8இல் அது பணம், உழைப்பு, யார் முடிவெடுப்பது என்பது. அவர்கள் ஒத்துப்போவார்களா என்பதை இரண்டு விதி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். சிலர் இரண்டுக்கும் உள்ள கழித்தல் எண்ணையும் பார்ப்பார்கள்: 3-5க்கு 2, 4-4க்கு 0. உரசல் எங்கே வரும் என்பதை அதில் தேடுவது வழக்கம்.

9 ஒரு தனிக் கதை. எதோடு கூட்டினாலும் 9 மறைந்துவிடும்: 8 + 9 = 17, மறுபடி 8. எனவே ஜோடியில் ஒருவர் 9 என்றால் உறவு எண்ணாக மற்றவரின் எண்ணே வந்து நிற்கும். "9காரர் துணையின் போக்கிலேயே கரைந்துவிடுவார்" என்று உருக்கமாகப் பலன் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இது பாதிக்கு மேல் கூட்டலின் குணம், ஆளின் குணம் அல்ல.

பிறகு ஏன் 8 என்றதும் பயம்? நம்மூர் முறையில் 8 சனி. உறவு எண் வந்ததோ மேலை முறையிலிருந்து, அங்கே 8 செல்வமும் அதிகாரமும். அங்கிருந்து கணக்கை எடுத்து, இங்கிருந்து பலனை ஒட்டினால் கிலிதான் மிஞ்சும். கணிப்பவர் எந்த முறையில் பார்க்கிறார் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாகத் தேதி. பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றிக் கொடுத்த சான்றிதழ் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே மாறிவிடும். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கப்படி முந்தின நாளைச் சொல்லும் வீடுகளும் உண்டு, ஏனென்றால் அங்கே நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். எண் கணிதம் எடுத்துக்கொள்வது நள்ளிரவு 12 மணிக்கு மாறும் ஆங்கிலத் தேதியை. ஒரு நாள் தள்ளினால் விதி எண் பெரும்பாலும் ஒன்று நகரும், உறவு எண்ணும் கூடவே நகரும். நீங்கள் பயந்த 8 அங்கேயே 7ஆகவோ 9ஆகவோ ஆகிவிடும்.