மரியாதைப் பன்மை பற்றி ஒரு திருத்தம்

“சங்கப் புலவர்கள் மன்னரையே ‘நீ’ என்றுதான் அழைத்தார்கள், ஒருவரைப் பன்மையில் அழைப்பது ஆங்கிலேயர் காலத்தில் வந்த பழக்கம்.”

இப்படி ஒரு கருத்தைச் சிலர் சொல்கிறார்கள். இதன் முதற்பாதி பெரும்பாலும் சரி. புறநானூற்றின் 2ஆம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகனார் சேரமானிடம் “நின் கடல்” என்று ஒருமையிலேயே பேசுகிறார். அங்கே அது குறைவில்லை. பிற்பாதி தவறு. ஒருவரைப் பன்மையால் கூறுவதை “வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி” என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கமே குறிப்பிட்டு, அது “இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல” என்றும் சேர்க்கிறது. அதாவது, செய்யுளில் ‘நீ’ நின்ற அக்காலத்திலேயே மக்கள் பேச்சில் மரியாதைப் பன்மை புழங்கியிருக்கிறது. இலக்கணக்காரருக்குத்தான் அதை விதியாக ஏற்க மனம் வரவில்லை.

ஒருவர், யாழ்ப்பாண நண்பர் தம்மை ‘நீர்’ என்றது அவமதிப்பா எனக் கேட்டிருந்தார். இல்லை. பழைய பன்மையான ‘நீர்’ மரியாதைச் சொல்லாகி, ‘கள்’ ஏறிய ‘நீங்கள்’ பரவியபின் ஒரு படி இறங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அது இன்றும் ஒத்தவரிடையே இயல்பாக வழங்குகிறது. பெரியவரிடம் அப்படிச் சொன்னால்தான் உறுத்தும். அம்மாவைப் பல வீடுகளில் ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்கள்’ என்றும் அழைப்பது ஏன் என்பது தனிக் கேள்வி. அதற்கு இந்த நூற்பாவில் விடை இல்லை.