ஒரு ஸ்கூப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

முந்தாநாள் நம் குடியிருப்புக் குரூப்பில் சுற்றிய அந்த வாய்ஸ் நோட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பவுடர் பால் பிராண்டை மாற்றியதிலிருந்து குழந்தை வெளிக்குப் போக முக்குகிறது என்று ஒரு பெண் கேட்டதற்கு வந்த பதில் அது. "நாலு ஸ்கூப்புக்கு மூணு போடும்மா, பால் நீர்த்தா தானா இளகிடும்." கீழே வரிசையாகக் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

தயவுசெய்து பாலை நீர்க்க வைக்காதீர்கள். நாலில் ஒன்றைக் குறைத்தால் குழந்தையின் சாப்பாட்டில் கால் பங்கு போய்விடுகிறது. கூடுதல் தண்ணீரை வெளியேற்றும் பலம் பச்சைக்குழந்தையின் சிறுநீரகத்துக்குக் கிடையாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லவில்லை.

பிராண்ட் மாறினால் மலம் கொஞ்சம் இறுகுவது உண்டு. சில பவுடர்களில் பாமாயில் சேர்ந்திருக்கும். அதிலுள்ள கொழுப்பு குடலில் கால்சியத்தோடு சேர்ந்து கட்டியாகிவிடும். பெரும்பாலும் சில நாளில் வயிறு பழகிக்கொள்ளும். முகம் சிவக்க முக்கினாலும் வெளியே வருவது இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கலே இல்லை. ஆட்டுப்புழுக்கை மாதிரி வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது டப்பாவை. என் அக்கா மகள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வாங்கும் டப்பாக்களில் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப். அவளும் 120 மில்லிக்கு நாலு போட்டுப் பழகியிருந்தாள். அப்புறம் அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒரு டப்பா கொடுத்தார். அதில் 60 மில்லிக்கு ஒரு ஸ்கூப், ஸ்கூப்பும் பெரிது. பழைய கணக்கிலேயே நாலு போட்டதில் பால் இரண்டு மடங்கு கெட்டியாகிவிட்டது. குழந்தைக்கு மலம் கல்லாக இறுகியது. டயபர் நனைவது குறைந்தது. தாகத்தில் அழுத பிள்ளையைப் பசி என்று நினைத்து அதே பாலை இன்னும் கொடுத்தார்கள். டாக்டர், "டப்பாவையும் ஸ்கூப்பையும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சோடியம் ஏறியிருந்தது. அட்மிட் பண்ண வேண்டியதாயிற்று.

"அப்போ குறைக்கச் சொன்னது சரிதானே?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டு மூன்று ஸ்கூப் போட்டிருந்தாலும் பால் ஒன்றரை மடங்கு கெட்டிதான். அந்த டப்பாவுக்கு 120 மில்லிக்கு இரண்டுதான் சரி. உங்கள் டப்பாவுக்கு எத்தனை என்று உங்கள் டப்பாவில்தான் இருக்கும். அதன் ஸ்கூப்பை அதற்கு மட்டும்தான் போட வேண்டும். அழுத்தாமல் அள்ளி, மேலே தலைதட்டிப் போட வேண்டும். புட்டியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடரைப் போட்டுவிட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகும்.

மாற்றலாம் என்றால் குடிக்கும் அளவைத்தான் மாற்றலாம், கலக்கும் அளவை அல்ல. முதல் சில மாதங்களில் ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 150 மில்லி. 5 கிலோ குழந்தைக்கு 750 மில்லி, ஆறு வேளைக்குப் பிரித்தால் 125. ஒரு வேளை மிச்சம் வைத்தால் வைக்கட்டும், திணிக்க வேண்டாம். மலம் இறுகினால் காலைப் பிடித்து சைக்கிள் ஓட்டுவது போல அசைத்துவிடுங்கள். தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் இரண்டு பாலுக்கு நடுவில், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராகத் தனியாகக் கொடுங்கள், பாலில் சேர்க்காதீர்கள்.

"எங்க காலத்துல வெத்தலைக் காம்பை விளக்கெண்ணெயில தொட்டு வெப்போம், எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பெரியம்மா எழுதியிருந்தார். அவர் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ஆசனவாய் கிழிந்து ரத்தத்தோடு வந்த பிள்ளையை இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"தாய்ப்பால் கொடுத்திருந்தா இதெல்லாம் வருமா?" என்று கேட்டவர்களுக்கு ஒன்று. என் அக்கா மகளுக்கு மார்பில் சீழ்க்கட்டி வந்து அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அழுதுகொண்டே முயன்று பார்த்தாள், பால் வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபோதும் அவளிடம் இதைத்தான் கேட்டீர்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.