அரபுப் படை போகாத ஜாவா

“அரபுப் படைகள் கப்பலில் போய் இறங்கி, மலாய் நாடுகளையும் ஜாவாவையும் வாள்முனையில் மதம் மாற்றின. பழைய வழக்கம் எல்லாவற்றையும் துடைத்தெறிந்தன. இது உண்மையா?”

இல்லை. அப்படி ஒரு அரபுப் படையெடுப்பே நடக்கவில்லை. 1292 வாக்கில் வட சுமத்ராவில் தங்கிய மார்க்கோ போலோ, பெர்லாக் நகரத்தாரை இஸ்லாத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அங்கு வந்துபோன வணிகர்கள் என்றே எழுதினார். பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருந்த குஜராத்தி, தமிழ், அரபு வணிகர்கள் அங்கேயே பெண் எடுத்தார்கள். அவர்களோடு சூஃபி ஆசிரியர்களும் வந்தார்கள்.

போரே இல்லை என்று சொன்னால் அதுவும் தப்பு. 16-ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் டெமாக் சுல்தானகம், மஜாபஹித் என்ற பழைய இந்து-பௌத்த அரசின் மிச்சத்தை வீழ்த்தியது. ஆனால் இரு பக்கமும் ஜாவாக்காரர்கள்தான்.

சரி, வழக்கம் துடைக்கப்பட்டதா? மலேசியாவின் திரெங்கானு கல்வெட்டைப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் எழுத்து அரபு, மொழி மலாய், சொல்வது இஸ்லாமியச் சட்டம். இறைவனுக்கோ ‘தேவதா மூலியா ராயா’ என்ற பெயர்! மலாய்க்காரர் நோன்பை இன்றும் ‘புவாசா’ என்கிறார்கள். நம் உபவாசம்தான் அது. ஜாவாவின் குதுஸ் ஊர்ப் பள்ளிவாசல் கோபுரம் செங்கல்லில் கட்டிய பழைய இந்துக் கோயில் போலவே நிற்கிறது. அந்த ஊரில் பசுவை அறுப்பதில்லை, எருமைதான். அங்கே இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குதுஸ், இந்துக்களின் மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொன்னாராம்.