ஸ்கேனரைக் குறை சொல்லாதீர்கள்

"600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் போதும், தமிழ் முழுவதும் தேடக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஸ்கேனர்தான் மோசம்."

அண்ணாச்சி, பொடி எழுத்துக்கு அது உதவும். வழக்கமான அச்சுக்கு 300-ஏ தாராளம். நீங்கள் காட்டிய 1960களின் கோயில் மலரில் சிக்கல் வேறு. அதில் "திருநெல்வேலி" என்று தேடினால் கிடைக்கிறது. "நெல்லை", "பாளையங்கோட்டை" கிடைக்கவில்லை. லை, ளை இரண்டும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வளைந்த வடிவங்கள். ணா, றா, னாவுக்கும் அப்போது வேறு வடிவம். ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தரும் டெசராக்ட் மென்பொருள் பழகியிருப்பது பெரும்பாலும் இன்றைய எழுத்தில். பழைய லையை வேறு ஏதோ எழுத்தாக வாசித்துவிடுகிறது. ஸ்கேனை எவ்வளவு கூர்மையாக்கினாலும் இது தீராது.

முதலில் மொழியைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும்.

```
tesseract malar.png malar -l tam --psm 6 txt pdf
```

பிறகு malar.txt-இல் "நெல்லை" வரவேண்டிய இடங்களைப் பாருங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால், சொல் சொல்லாக மொத்தமாக மாற்றிவிடலாம். எழுத்தை மட்டும் மாற்றினால் சரியான சொற்களும் கெடும். பிடிஎஃப்-க்குள் இருக்கும் எழுத்து இதனால் திருந்தாது. தேடலை txt-இலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் கிரயப் பத்திரத்தைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது கையால் எழுதியது. இந்தக் கட்டளை அதற்கு உதவாது. தட்டச்சு செய்வதே விரைவு.

பழைய எழுத்துக்கென்று மென்பொருளைப் பழக்கியவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?