தினமும் 200 ஸ்குவாட் போட்டால் தொடைக் கொழுப்பு கரையுமா?

இப்படி ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது: "பெண்கள் வெயிட் தூக்கினால் தொடை பருத்துவிடும். வெறும் உடம்பில் தினமும் 200 ஸ்குவாட் போடுங்கள், 21 நாளில் தொடையும் இடுப்பும் இளைக்கும்."

இரண்டுமே தவறு. வேலை செய்யும் தசை தன் மேலிருக்கும் கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. 1971இல் 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் டென்னிஸ் வீரர்களின் கைகளை அளந்த ஆய்வு வந்தது. ராக்கெட் பிடிக்கும் கை பருமனாக இருந்தது. தோலடிக் கொழுப்பின் தடிமனோ இரு கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேடினால் கிடைக்கும், படித்துப் பாருங்கள்.

கொழுப்பைக் குறைப்பது சாப்பாட்டு அளவு. அப்படிக் குறைக்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பதுதான் வெயிட்டின் வேலை. குறைவாகச் சாப்பிடும் காலத்தில் தொடை பருப்பது, சொல்லப்போனால், ஆசைப்பட்டாலும் எளிதில் நடக்காது.

வாரம் இரண்டு நாள் போதும். திங்களன்று மேல்முதுகை பெஞ்சில் சாய்த்து, மடியில் எடை வைத்து இடுப்பை உயர்த்தும் ஹிப் த்ரஸ்ட்; எடையோடு பெட்டி மேல் ஏறி இறங்கும் ஸ்டெப் அப். வியாழனன்று எடையைப் பிடித்து இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட்; ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்பிளிட் ஸ்குவாட். ஒவ்வொன்றும் 3 செட், 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை சிரமப்பட வேண்டும். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் 2.5 கிலோ கூட்டுங்கள்.

ஹிப் த்ரஸ்டில் பின்தொடை பிடித்தால் பாதம் தள்ளி இருக்கிறது; முன்தொடை எரிந்தால் மிக அருகில். மேலே வரும்போது முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்க வேண்டும். இடுப்பு வலித்தால் முதுகை வளைக்கிறீர்கள், எடையைக் குறையுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.